டீச்சரம்மாவுக்கு ஒரு கடுதாசி

சத்துவாச்சாரி
13.1.2026, செவ்வாய்

டீச்சரம்மாவுக்கு எதிர்வீட்டு அமுதா வணக்கம் சொல்லி எழுதறது.

எதிர்வீட்டுல இருந்துக்கிட்டு கடுதாசியான்னு சிரிப்பீங்க. போன்ல பேசினா பாதி காதுல விழலைன்னு சொல்றீங்க. நேர்ல வந்து கேட்டா, நான் முடிக்கறதுக்குள்ள "எதுக்கும்மா உனக்குச் சிரமம்"னு கேட்டைச் சாத்திடறீங்க. கடுதாசியை அப்படிச் சாத்த முடியாது பாருங்க. கண்ணாடி தேட வேண்டாம்னு எழுத்தைப் பெருசாவே போட்டிருக்கேன்.

முதல்ல பொங்கல் வாழ்த்து. வியாழக்கிழமை காலையில பொங்கி இறக்கினதும் யாழினி எடுத்துக்கிட்டு வருவா. உங்க சர்க்கரை எனக்குத் தெரியும். வெண்பொங்கல்தான் நிறைய, சர்க்கரைப் பொங்கல் வாயில வைக்க ஒரே ஒரு கரண்டி. கூடவே மொச்சை, பூசணி, சர்க்கரைவள்ளி எல்லாம் போட்ட குழம்பு. கத்திரிக்காய் இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய்தான், வேற போட்டா நீங்க தொடமாட்டீங்களே. புவிசார் குறியீடு வாங்கின காய்னு சொல்லி கடைக்காரர் ஒரு ரூபாய்கூட குறைக்கலை. காரம் குறைச்சே போடறேன்.

இன்னொண்ணு. மூணு நாளா உங்க வாசல்ல கோலம் இல்லை. அஞ்சரைக்கெல்லாம் தண்ணி தெளிக்கிற சத்தம் கேட்டுத்தான் எங்க வீட்டுல அடுப்பே பத்தும். முதல் நாள் அசதியா இருக்கும்னு நினைச்சேன். ரெண்டாவது நாள் பால் பாக்கெட் எட்டு மணி வரைக்கும் கேட்டுலேயே தொங்கினதைப் பார்த்ததும் எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. அப்புறம் நீங்க சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு வந்து எடுத்ததைப் பார்த்தேன். முட்டி வலின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. பொங்கலன்னைக்கு உங்க வாசலுக்கு யாழினி கோலம் போடட்டும். அவளுக்கு ஏழு புள்ளிக்கு மேல கோடு கோணும். நீங்க நாற்காலி போட்டு உட்கார்ந்து அதட்டினா போதும். பத்தாம் வகுப்பையே அதட்டின குரல்தானே.

நாளைக்குப் போகி. ஜன்னலைச் சாத்தியே வெச்சுக்கோங்க, உங்களுக்குப் புகை ஆகாது. நம்ம தெருப் பசங்ககிட்ட டயர் கொளுத்தக்கூடாதுன்னு இவர் சொல்லிட்டார். அடுத்த தெருவுக்கு யார் சொல்றது!

சனிக்கிழமை காணும் பொங்கல். பாலாத்தங்கரைக்கும் கோட்டைக்கும் ஊரே கிளம்பிடும், நாங்க போகலை. சாயங்காலம் நாலு மணிக்கு மூணு பேரும் உங்க வீட்டுக்கு வர்றோம். உங்க கால்ல விழுந்து கும்பிடணும், எங்க வீட்டுல பெரியவங்கன்னு யாரு இருக்காங்க? அரைமணி நேரம் இருந்துட்டுப் போயிடுவோம். காபிகூட பிளாஸ்க்குல நானே கொண்டுவர்றேன், அடுப்படிக்குள்ள போகாதீங்க. ஜலகண்டேஸ்வரர் கதையை மட்டும் முழுசாச் சொல்லணும். 1981ல இந்த சத்துவாச்சாரியிலேருந்துதான் சாமியைத் திரும்பக் கோட்டைக் கோயிலுக்குக் கொண்டுபோனாங்கன்னு அன்னைக்கு ஆரம்பிச்சீங்க. அதுக்குள்ள குக்கர் விசிலடிச்சு நான் ஓடிட்டேன். யாழினி இன்னும் நம்பமாட்டேங்கறா, "நம்ம ஊர்லயா சாமி இருந்துச்சு?"ன்னு கேக்கறா.

மறுநாள் ஞாயிறு தை அமாவாசை. சாருக்குப் படைப்பீங்க. அன்னைக்கு வெளிச் சமையல் கூடாதுன்னு எனக்குத் தெரியும், அதனால சமைச்சது எதுவும் கொண்டுவர மாட்டேன். வாழைக்காய், அவரைக்காய், பூசணி, ரெண்டு தலைவாழை இலை, எல்லாம் சனிக்கிழமை வரும்போதே வாங்கிட்டு வந்துடறேன். காலையில குளிச்சுட்டு வந்து தேங்காய் துருவி, காய் நறுக்கிக் கொடுத்துட்டுக் கிளம்பிடுவேன். உளுந்து அரைக்கறதும் என் வேலை. தாளிக்கறது நீங்க. சாருக்கு உங்க கைப்பக்குவம்தான் சேரணும். மொட்டை மாடியில காக்காய்க்கு வைக்க அந்தப் படிக்கட்டு ஏறாதீங்க, இலையை இவர்கிட்ட கொடுங்க.

ராத்திரியில ஏதாவதுன்னா போனைத் தேடிக்கிட்டு இருக்க வேண்டாம். வாசல் லைட்டைப் போட்டு வையுங்க. எங்க படுக்கையறை ஜன்னல் நேரா உங்க வாசலைத்தான் பார்க்குது, வெளிச்சம் பட்டா முழிச்சுக்குவேன். கோயம்புத்தூர்ல இருக்கற தம்பிகிட்ட இதையெல்லாம் சொல்லி நான் பயமுறுத்தலை, கவலைப்படாதீங்க. ஆனா முட்டியை டாக்டர்கிட்ட காட்டலைன்னா சொல்லிடுவேன். பொங்கல் கழிஞ்சு செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு. ஆட்டோ சொல்லிட்டு நானே கூட வர்றேன்.

இப்படிக்கு,
உங்கள் அமுதா

பின்குறிப்பு: போன தடவை கொடுத்த டப்பாவை நார்த்தங்காய் ஊறுகாய் போட்டுத் திருப்பி அனுப்பினீங்க. அதுக்காக எத்தனை நேரம் நின்னு நறுக்கினீங்களோ. பாத்திரத்தை வெறுமனே அனுப்பக்கூடாதுன்னு தோணினா, கைக்கு எட்டற கிளையில ஒரு கொத்து கருவேப்பிலை ஒடிச்சுப் போடுங்க. எங்க தொட்டிச் செடி பட்டுப்போச்சு.