ஜெர்மனி போகும் செலவு: மாமாவுக்கு எழுதிய முழுக் கணக்கு

மாமா, வணக்கம்.

ஜெர்மனி போக மொத்தம் எவ்வளவு ஆகும், ஒரு பேப்பரில் எழுதிக் கொடு என்று கேட்டீர்கள். வாயால் சொன்னால் ஆளுக்கு ஒரு தொகை காதில் விழுகிறது, அப்பா என்னவென்றால் காவேரிப்பட்டணம் பக்கத்து மாந்தோப்பில் பாதியை விற்றுவிடலாம் என்கிற அளவுக்குப் போய்விட்டார். அதனால் உட்கார்ந்து எழுதிவிட்டேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தோப்பும் விற்க வேண்டாம், அக்கா நகையை ஐந்து லட்சத்துக்கு அடகு வைக்கவும் வேண்டாம். எனக்குக் கடனாக வேண்டியது இரண்டு லட்சம்தான். எப்படி என்று கீழே இருக்கிறது.

வேலை எஸ்லிங்கன் என்ற ஊரில், ஸ்டுட்கார்ட் பக்கத்தில். ஏப்ரல் 1, 2026 புதன்கிழமை சேர வேண்டும். வருடச் சம்பளம் 52,000 யூரோ, வரியும் இன்சூரன்ஸும் பென்ஷனும் பிடித்தது போக மாதம் கைக்கு ஏறத்தாழ 2,750 வரும். மார்ச் 21 சனிக்கிழமை கிளம்பலாம் என்று இருக்கிறேன். யூரோவுக்கு 108 ரூபாய் என்று வைத்திருக்கிறேன். டிவியில் சொல்லும் ரேட்டில் நமக்கு எந்த பேங்கும் கொடுக்காது, அவர்கள் விற்கும் ரேட் கொஞ்சம் மேலேதான் இருக்கும், அதனால் கூட்டியே போட்டேன்.

முதலில் இங்கேயே ஆகும் செலவு, ரூபாயில்:

விசா கட்டணம் 75 யூரோ, அப்ளிகேஷனை வாங்கி அனுப்பும் மையத்தின் சேவைக் கட்டணமும் சேர்த்து: 10,500
சென்னைக்குப் போய் வர, தங்க, போட்டோ, ஜெராக்ஸ்: 4,500
பயண இன்சூரன்ஸ், வேலையில் சேரும் நாள் வரைக்கும்: 3,500
குளிருக்கு ஜாக்கெட், தெர்மல், ஷூ: 12,000
பெட்டி, குக்கர், மசாலா சாமான்: 8,000
பெங்களூரிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் டிக்கெட், ஒரு வழி, கூடுதல் பெட்டியோடு: 48,000
கிருஷ்ணகிரியிலிருந்து ஏர்போர்ட்டுக்கு டாக்ஸி, டோல் உட்பட: 5,500

ஆக மொத்தம் 92,000.

ஓசூரில் ஒருவர் விசாவுக்கு ஒன்றரை லட்சம் கேட்டார் என்று அம்மா உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அது இந்தக் கணக்கில் இல்லை, இருக்கவும் போவதில்லை. அப்ளிகேஷனை நாமே ஆன்லைனில் போடலாம், வேலை ஒப்பந்தத்தைக் கம்பெனி நேராக எனக்கே அனுப்பிவிட்டது, பிறகு நடுவில் அவருக்கு என்ன வேலை? என் டிகிரிச் சான்றைச் சரிபார்க்கவும் தனியாகப் பணம் கட்டத் தேவையில்லை. அண்ணா பல்கலைக்கழகமும் என் பட்டமும் வெளிநாட்டுப் பட்டங்களைப் பட்டியல் போட்டு வைத்திருக்கும் ஜெர்மனியின் அனபின் தளத்தில் ஏற்கெனவே இருக்கின்றன, அந்தப் பக்கத்தை அச்சடித்துக் கொடுத்தால் போதும். இல்லாதவர்கள் 208 யூரோ கட்டித் தனிச் சான்று வாங்க வேண்டும், அதாவது 22 ஆயிரத்துக்கு மேல். படிக்கப் போகிற பையன்கள் முடக்கு அக்கவுண்ட்டில் லட்சக்கணக்கில் போட்டு வைக்கிறார்களே, அதுவும் எனக்குக் கிடையாது, சம்பளத்தோடு வேலை ஒப்பந்தம் இருப்பதால்.

டிக்கெட்டை விசா கைக்கு வந்த பிறகுதான் எடுப்பேன். முன்னாடியே எடுத்தால் ஐந்தாறாயிரம் குறையும், ஆனால் விசா தள்ளிப்போனால் மொத்தமும் போய்விடும். தேதி தள்ளினால் சேரும் நாளையும் தள்ளித் தருகிறோம் என்று கம்பெனி மெயிலில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். டிக்கெட் பணத்தையும் ரசீது காட்டினால் இரண்டாவது சம்பளத்தோடு தருவார்களாம். வரட்டும், ஆனால் வருகிற பணத்தை நம்பி இப்போது கணக்குப் போடவில்லை.

அப்புறம் அங்கே இறங்கியதும் ஆகிறது. பணம் முழுங்குவது இங்கேதான் மாமா. எல்லாரும் விசா, ஃபிளைட் என்று பயப்படுகிறார்கள். உண்மையில் வாடகையும் அட்வான்ஸும்தான் பாதிக்கு மேல்.

இங்கே உட்கார்ந்துகொண்டு நிரந்தரமாக ஒரு வீடு பிடிக்க முடியாது, வீட்டுக்காரர் நேரில் பார்க்காமல் கொடுப்பதில்லை. நேரில் பார்க்காமலே கொடுக்கிறேன், அட்வான்ஸை அனுப்பு, சாவியைத் தபாலில் போடுகிறேன் என்று ஒருவர் சொன்னால் அது திருட்டு. இந்தப் பேச்சில் ஏமாந்தவர்கள் நிறைய. அதனால் முதல் நாற்பது நாளுக்கு, மார்ச் 22 முதல் ஏப்ரல் 30 வரை, கட்டில் மேஜையோடு ஒரு ரூம் எடுக்கிறேன். வாடகை 1,050 யூரோ, அட்வான்ஸ் 400. இதைவிடக் குறைவாக 800க்கு ஒன்று இருந்தது. ஆனால் அந்த ஆள், இந்த விலாசத்தில் நீ குடியிருக்கிறாய் என்று கையெழுத்துப் போட்டுத் தர மாட்டேன் என்றார். அங்கே வீட்டுக்குள் போன இரண்டு வாரத்துக்குள் ஊர் அலுவலகத்தில் விலாசத்தைப் பதிய வேண்டும், அதற்கு அந்தக் கையெழுத்து கட்டாயம். பதிந்தால்தான் வரி எண் தபாலில் வரும். வரி எண் இல்லாமல் சம்பளம் போட்டால் ஆறாம் வகுப்பு என்று மிக அதிகமான வரியைப் பிடித்துவிடுவார்கள், பிற்பாடு திரும்பக் கிடைக்கும் என்றாலும் அந்த மாதம் கையில் சில நூறு யூரோ குறையும். 250 யூரோ மிச்சம் பிடிக்கப் போய் அதற்கு மேல் மாட்டிக்கொள்வேன்.

மே மாதத்திலிருந்து நிரந்தர வீடு. அங்கே வாடகையில் இரண்டு கணக்கு உண்டு. சும்மா வீட்டுக்கு மட்டும் ஒரு தொகை, தண்ணீர், ஹீட்டர், குப்பை எல்லாம் சேர்த்து இன்னொரு தொகை. விளம்பரத்தில் முதல் தொகையைப் பெரிதாகப் போடுவார்கள், நாம் கட்டுவது இரண்டாவது. நான் பார்க்கிற ஒரு அறை வீடுகளில் 620, எல்லாம் சேர்த்து 780 என்று வைத்திருக்கிறேன். அட்வான்ஸ் அதிகபட்சம் மூன்று மாத வாடகைதான், அதுவும் அந்த 620ஐ வைத்து. இது அவர்கள் சட்டம். பெங்களூரில் பத்து மாத அட்வான்ஸ் கேட்ட காலத்தைப் பார்த்தவர்களுக்கு இது பரவாயில்லை. ஆக 1,860 யூரோ. மூன்று தவணையாகக் கட்டவும் சட்டத்தில் இடம் இருக்கிறது, ஆனால் வரிசையில் இருபது பேர் நிற்கும்போது தவணை கேட்பவனுக்கு வீடு கிடைக்குமா என்று தெரியாது, அதனால் முழுசாகவே போட்டிருக்கிறேன்.

சமையல் மேடை உள்ள வீடாகத்தான் தேடுவேன். பல வீடுகளில் சிங்க்கே இருக்காது, பல்பு மாட்டும் இடத்தில் வெறும் வயர் தொங்கும், முன்னால் இருந்தவர் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போய்விடுவார். அப்படி ஒரு வீட்டில் மாட்டினால் சாமானுக்கே ஆயிரம் இரண்டாயிரம் யூரோ போகும்.

யூரோவில் மொத்தக் கணக்கு:

ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து ரயில்: 45
நாற்பது நாள் ரூம்: 1,050
அந்த ரூமுக்கு அட்வான்ஸ்: 400
வீட்டு அட்வான்ஸ்: 1,860
வீட்டின் முதல் மாத வாடகை: 780
சாப்பாடு, நானே சமைத்து: 300
ஏப்ரல் மாதப் பாஸ் 63, அதற்கு முன் சில்லறைப் பயணம் 30: 93
குடியிருப்பு அட்டை 100, போட்டோ 10: 110
சிம்: 30
மெத்தை, விளக்கு, பாத்திரம்: 450

கூட்டினால் 5,118 யூரோ, நம் பணத்தில் 5,53,000. இங்கே ஆகும் 92,000ஐச் சேர்த்தால் 6,45,000. எதிர்பாராததுக்கு 45,000 வைத்தால் 6,90,000.

இந்த ஏழு லட்சத்தைக் கேட்டுத்தான் அப்பா பதறினார். ஆனால் எல்லாம் ஒரே நாளில் தேவைப்படுவதில்லை. ஏப்ரல் சம்பளம் மாதக் கடைசியில் வந்துவிடும், வீட்டின் முதல் வாடகையை மே மாதத்தின் மூன்றாவது வேலை நாளுக்குள் கட்டினால் போதும். வரி எண் தாமதமாகி 2,000 யூரோதான் வந்தாலும் 780ஐ அதிலிருந்தே கட்டிவிடலாம். அந்த 84,000ஐக் கழித்தால் 6,06,000. என்னிடம் சேமிப்பு 3,20,000 இருக்கிறது, ஓசூர் கம்பெனியில் கணக்கு முடித்தால் 90,000 வரும். ஆக 4,10,000. பாக்கி 1,96,000. அதுதான் இரண்டு லட்சம்.

ரூம் அட்வான்ஸ் 400 யூரோ மே மாதம் திரும்ப வரும். வீட்டு அட்வான்ஸ் 1,860 வீட்டைக் காலி செய்யும்போதுதான் வரும், அதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். டிவி, ரேடியோ கட்டணம் என்று வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ வேறு உண்டு, டிவி இல்லை என்றாலும் விட மாட்டார்கள், மூன்று மாதத்துக்குச் சேர்த்துத் தபால் வரும். அதைச் சம்பளத்தில் பார்த்துக்கொள்கிறேன்.

கையில் நோட்டாக அதிகம் கொண்டுபோகப் போவதில்லை. 500 யூரோ மட்டும் நோட்டாக, மீதி ஃபாரெக்ஸ் கார்டில். வருடத்துக்கு பத்து லட்சத்துக்குள் இருப்பதால் வெளிநாட்டுக்கு அனுப்பும்போது பிடிக்கிற அந்த 20 சதவீத வரியும் நமக்கு வராது.

திருப்பிக் கொடுப்பது: மே மாதச் சம்பளத்திலிருந்து மூன்று மாதம், மாதம் 67,000 ரூபாய் அக்கா அக்கவுண்ட்டுக்கு. வாடகை, சாப்பாடு, பாஸ் போக கையில் 1,500 யூரோவுக்கு மேல் நிற்கும், அதில் 620 அனுப்புவது கஷ்டமில்லை. வெளியில் வாங்கினால் இரண்டு வட்டி, மாதம் நாலாயிரம். நீங்கள் வட்டி வேண்டாம் என்பீர்கள், நகையை வைத்து எடுத்தால் பேங்க் வட்டியையாவது நான்தான் கட்டுவேன், இதில் பேச்சே வேண்டாம். மாங்காய் சீசனில் உங்களுக்கு மருந்துக்கும் ஆள் கூலிக்கும் பணம் வேண்டும் என்று எனக்குத் தெரியும், அதனால் முதல் தவணை மே கடைசியில் வந்துவிடும்.

எப்போது எவ்வளவு என்றால், ரூமுக்கு முன்பணம் கட்ட பிப்ரவரி 15க்குள் 50,000, மீதி 1,50,000 மார்ச் 10க்குள் கார்டில் ஏற்ற. அதற்கு முன் தேவையில்லை, சும்மா என் அக்கவுண்ட்டில் கிடக்க வேண்டாம். பொங்கலுக்கு பர்கூர் வரும்போது எல்லா ரசீதும் எடுத்து வருகிறேன், அப்பா பக்கத்தில் இருக்கும்போதே நீங்கள் ஒருமுறை கூட்டிப் பாருங்கள். நான் சொன்னால் நம்ப மாட்டார், நீங்கள் சொன்னால் சரி என்பார்.

சதீஷ்