வியாழக்கிழமை சந்திப்புக்கு முன்: எங்கள் வீட்டுச் சாப்பாட்டு விவரம்

வணக்கம் மேடம். வியாழக்கிழமை காலை 11 மணிக்கு உணவு ஆலோசனைக்கு எங்களுக்கு நேரம் கொடுத்திருக்கிறீர்கள். வீட்டில் யார் யார், என்ன சாப்பிடுகிறோம், எவ்வளவு செலவாகிறது என்று முன்கூட்டியே எழுதி அனுப்பச் சொன்னீர்கள். இரண்டு நாளாகக் கவனித்துக் குறித்து வைத்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக வந்துவிட்டது.

நாங்கள் தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். ஐந்து பேர்: என் மாமியார் (63), வீட்டுக்காரர் (44), நான் (38), மகள் (14, ஒன்பதாம் வகுப்பு), மகன் (8, மூன்றாம் வகுப்பு). வீட்டுக்காரர் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறார். நான் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன்.

முதலில் மகளைப் பற்றிச் சொல்கிறேன், எனக்கு அதுதான் பெரிய கவலை. போன மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.2. மாதவிடாய் ஏழு நாள் இருக்கிறது, முதல் மூன்று நாள் அதிகமாகப் போகிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இன்னொன்று, நான் முறத்தில் அரிசி புடைக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பச்சையாகவே ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு மெல்லுகிறாள். வேண்டாம் என்று பிடுங்கினால், தெரியாமல் அரிசி டப்பாவைத் திறந்து எடுக்கிறாள். ஏதோ கெட்ட பழக்கம் என்று ஒரு வருஷமாகத் திட்டிக்கொண்டிருந்தேன். ரத்தம் குறைந்தால் இப்படித் தோன்றும் என்று டாக்டர் சொன்னபிறகுதான் தெரிந்தது. அவளைத் திட்டியதை நினைத்தால் இப்போதும் மனசு கேட்கவில்லை. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். வயிறு புரட்டுகிறது என்று இரண்டு நாளைக்கு ஒருமுறைதான் போடுகிறாள், அதுவும் சாயங்காலம் டீ குடித்த கையோடு. காலையில் பாதி நாள் சாப்பிடாமலே பள்ளிக்கு ஓடிவிடுகிறாள். கீரை பிடிக்காது. மீன் பிடிக்கும், ஆட்டு ஈரல் வாங்கினால் விரும்பிச் சாப்பிடுவாள்.

மாமியாருக்குச் சர்க்கரை 11 வருஷமாக, பிரஷர் ஆறு வருஷமாக. கடைசியாகப் பார்த்த மூன்று மாத சராசரி 8.8. கிரியாட்டினின் 1.3 வந்திருக்கிறது, மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். மெட்ஃபார்மின் 500 காலையும் இரவும், கிளிமிபிரைடு 1 காலையில், அம்லோடிபின் 5 இரவில். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுத்துவிடுகிறார்கள், அதனால் மாத்திரையில் குறை இல்லை. சாப்பாட்டில்தான் சிக்கல். காலையில் பழைய சோறும் கருவாடும், அல்லது ஊறுகாய். மதியம் தட்டு நிறையச் சோறு. வெள்ளிக்கிழமை விரதம், மதியம் வரை ஒன்றும் சாப்பிட மாட்டார். போன ஆடி வெள்ளியில் மாத்திரையைப் போட்டுவிட்டு விரதம் இருந்து, கூழ் ஊற்றுகிற இடத்தில் வேர்த்துக் கொட்டி அப்படியே உட்கார்ந்துவிட்டார். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்த பிறகுதான் தெளிந்தார். அன்றிலிருந்து எனக்கு வெள்ளிக்கிழமை என்றாலே பயம்.

வீட்டுக்காரர் 168 செ.மீ. உயரம், 86 கிலோ. ட்ரைகிளிசரைடு 290, ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு என்று வந்தது. வாரத்தில் நான்கு ராத்திரி வண்டியில்தான். துறைமுகத்துக்கு உள்ளே போக வரிசையில் மணிக்கணக்காக நிற்க வேண்டியிருக்கும், அப்போது கிடைப்பது பரோட்டாவும் சால்னாவும்தான். தூக்கம் வராமல் இருக்க ஐந்தாறு டீ, எல்லாவற்றிலும் சர்க்கரை. சனிக்கிழமை ஒரு குவார்ட்டர் குடிப்பார். இதை அவர் வாயால் சொல்ல மாட்டார், அதனால் நான் எழுதிவிடுகிறேன். அவர் எதிரில் கேட்கும்போது கொஞ்சம் பக்குவமாகக் கேளுங்கள்.

எனக்குத் தைராய்டு, 50 மைக்ரோகிராம் மாத்திரை போடுகிறேன். மாத்திரை போட்ட பத்து நிமிஷத்தில் காபி குடித்துவிடுகிறேன், அது தப்பு என்று கேள்விப்பட்டேன். மகன் 20 கிலோ, ஒல்லி. மாநகராட்சிப் பள்ளியில் காலைச் சிற்றுண்டியும் மதியம் முட்டையோடு சத்துணவும் சாப்பிடுகிறான். பள்ளி நாளில் அவன் சாப்பாட்டில் எனக்குக் கவலை இல்லை. சனி, ஞாயிறில்தான் பாக்கெட் சிப்ஸும் பிஸ்கெட்டும்.

செலவு: வருமானம் இரண்டு பேருக்கும் சேர்த்து ஏறக்குறைய 33,000. வாடகை, பள்ளிச் செலவு, சீட்டு போக சாப்பாட்டுக்கு 11,500 வரை ஆகிறது. மளிகை 3,500, பால் 1,300, காய்கறி 2,000, மீன், கறி 2,800, முட்டை 450, மிச்சம் அவர் வெளியில் சாப்பிடுவதும் பிள்ளைகளின் நொறுக்குத் தீனியும். இழுத்துப் பிடித்தால் 12,500 வரை போகலாம், அதற்கு மேல் முடியாது. ரேஷனில் அரிசி 20 கிலோ இலவசம், துவரம் பருப்பு ஒரு கிலோ, பாமாயில் ஒரு லிட்டர். அரிசி மாதக் கடைசிக்குள் தீர்ந்துவிடும். எண்ணெய் மொத்தம் நாலு லிட்டர் ஆகிறது. அது அதிகம் என்று எனக்கே தெரிகிறது.

வாரத்தில் மூன்று நாள் மீன். காசிமேட்டில் விடியற்காலையில் போனால் மத்தி, கானாங்கெளுத்தி, நெத்திலி விலை கட்டுப்படியாகும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், அந்த 61 நாளும் விசைப்படகு போகாது, மீன் விலை எங்களுக்கு எட்டாது. அப்போது முட்டையும் கருவாடும்தான் ஓடும். பிரஷருக்குக் கருவாடு ஆகாது என்கிறார்கள். அந்த இரண்டு மாதத்துக்கு என்ன செய்யலாம் என்று தனியாகச் சொல்லுங்கள்.

முக்கியமாகக் கேட்பது இதுதான் மேடம். என்னால் ஒரு குழம்பு, ஒரு பொரியல்தான் வைக்க முடியும். காலை ஐந்து மணிக்கு அடுப்பு பற்ற வைத்து, எட்டு மணிக்குத் தையல் மிஷினில் உட்கார்ந்தால்தான் வேலை முடியும். ஐந்து பேருக்கு ஐந்து சமையல் ஆகாது. அதே குழம்பில் யாருக்கு எவ்வளவு, யாருக்கு எது வேண்டாம் என்று சொன்னால் அப்படியே செய்கிறேன். முன்பு வேறொரு இடத்தில் அச்சடித்த தாள் ஒன்று கொடுத்தார்கள். ஓட்ஸ், ஆலிவ் எண்ணெய், பாதாம் என்று இருந்தது. ஒரு வாரம் வாங்கிப் பார்த்தேன், அந்த வாரம் பிள்ளைகளுக்கு முட்டை வாங்கக் காசு இல்லை.

மாமியாரிடம் சோறே வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவர் சின்ன வயதில் சோற்றுக்கே கஷ்டப்பட்டவர், சோற்றைக் குறைத்தால் மருமகள் பட்டினி போடுகிறாள் என்று நினைப்பார். கேழ்வரகுக் களி, கம்பங்கூழ் அவருக்குப் பழக்கம்தான். ஆனால் எவ்வளவு என்று அளவு தெரியாமல் நானாகக் கொடுக்கப் பயமாக இருக்கிறது. கிரியாட்டினின் ஏறியிருப்பதால் பருப்பு, முட்டை எவ்வளவு கொடுக்கலாம் என்பதும் தெரிய வேண்டும்.

வியாழக்கிழமை மாமியாரும் மகளும் என்னோடு வருவார்கள். வீட்டுக்காரருக்கு அன்று டூட்டி, வண்டியில் இருந்தபடி போனில் பேசுவார். ரிப்போர்ட், மாத்திரைச் சீட்டு எல்லாம் கொண்டு வருகிறேன். நேற்று எல்லோரும் சாப்பிட்ட தட்டையும், வீட்டில் எண்ணெய் ஊற்றும் கரண்டியையும் போட்டோ எடுத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மாமியாருக்கு வெறும் வயிற்றில் ரத்தம் எடுப்பீர்கள் என்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள், அன்று காலை மாத்திரையைத் தள்ளிப் போட வேண்டுமா என்பதையும் சேர்த்து.

இப்படிக்கு,
கீதா, தண்டையார்பேட்டை