கையெழுத்துக்கு: பறவைக் கூடுகள் நூல், ஓவிய ஒப்பந்தம் – மார்ச் 18 புதன் மாலை 6 மணிக்குள்

அன்புள்ள மீனாட்சி அவர்களுக்கு,

வணக்கம். ஒரு வழியாக ஒப்பந்தம் தயாராகிவிட்டது. சென்ற வாரம் போனில் நீங்கள் சொன்ன திருத்தங்களில் ஒன்றைத் தவிர மற்றவை எல்லாம் உள்ளே வந்துவிட்டன. அந்த ஒன்றைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன்.

இந்த மின்னஞ்சலோடு வருவது படித்துப் பார்ப்பதற்கான பிரதி மட்டும். கோப்பின் பெயர் `oviya-oppandham-v4.pdf`. ஒப்பந்தம் 11 பக்கம், இணைப்பு 2 பக்கம், ஆக 13 பக்கம். கையெழுத்துப் போட வேண்டியது இதில் இல்லை. அதற்கான இணைய இணைப்பு இன்னும் ஒரு மணி நேரத்துக்குள் கையெழுத்துச் சேவையிலிருந்து தனி மின்னஞ்சலாக வரும். பழைய வரைவுகள் (v2, v3) உங்களிடம் இருந்தால் அழித்துவிடுங்கள். பிரிவு எண்கள் மாறியிருப்பதால் குழப்பம் வரும்.

கடைசி நாள்: மார்ச் 18, புதன்கிழமை, மாலை 6 மணி. அவசரப்படுத்துவதற்குக் காரணம் உண்டு. எங்கள் கணக்குப் பிரிவு மாதத்தில் இரண்டு முறைதான் முன்பணம் அனுப்பும். இந்த மாதத்தின் இரண்டாவது சுற்று 20-ஆம் தேதி. புதன் மாலைக்குள் நீங்கள் போட்டால், வியாழன் இயக்குநர் போடுவார், வெள்ளிக்கிழமை பணம் கிளம்பிவிடும். தவறினால் ஏப்ரல் தொடக்கத்துக்குப் போய்விடும். வண்ணமும் தாளும் வாங்க வேண்டிய நேரத்தில் உங்களுக்கு அது சங்கடம். அந்த இணைப்பு 20-ஆம் தேதி இரவு வரை உயிரோடு இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அதை நம்பித் தள்ளிப்போட வேண்டாம்.

ஏதாவது ஒரு வரியை மாற்ற வேண்டும் என்று தோன்றினால், 16-ஆம் தேதி திங்கள் மதியத்துக்குள் எழுதுங்கள். சட்ட ஆலோசகர் பார்த்துத் திருப்பித் தர ஒரு நாள் வேண்டும்.

இனி, ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்பது. இது சுருக்கம்தான். இதற்கும் ஒப்பந்தத்துக்கும் வேறுபாடு இருந்தால் ஒப்பந்தத்தில் உள்ளதே செல்லும். அதனால் இதைப் படித்துவிட்டு நேராகக் கையெழுத்துக்குப் போய்விடாதீர்கள்.

வேலை (பிரிவு 2, இணைப்பு அ). உள்ளே 24 வண்ண ஓவியங்கள், அட்டைக்கு ஒன்று. கோட்டு வரைவுகள் ஏப்ரல் 10-க்குள், முடித்த ஓவியங்கள் ஜூன் 12-க்குள். வரைவுகள் கிடைத்த ஏழு வேலை நாட்களுக்குள் நாங்கள் கருத்துச் சொல்லியாக வேண்டும். நாங்கள் தாமதித்தால் அத்தனை நாளும் உங்கள் கெடுவில் கூடும். இந்த வரியை நீங்கள் கேட்டுச் சேர்த்தோம். ஸ்கேன் அளவு, பக்க ஓரத்தில் 3 மி.மீ. கூடுதல் விடுவது போன்ற அச்சு விவரங்கள் இணைப்பில் இருக்கின்றன.

திருத்தங்கள் (பிரிவு 3). கோட்டு வரைவில் இரண்டு சுற்று, வண்ணத்தில் ஒரு சுற்று. அதற்கு மேல் கேட்டால் தனிக் கட்டணம். ஆனால் உயிரியல் தவறு என்று ஆசிரியர் சுட்டிக்காட்டுவது இந்தக் கணக்கில் வராது. தையல்சிட்டு இலைகளைச் சேர்த்துத் தைத்துத்தான் கூடு கட்டும். படத்தில் அது குச்சிகளை அடுக்கியிருந்தால், எத்தனையாவது சுற்றாக இருந்தாலும் திருத்தித்தான் ஆக வேண்டும். எங்கள் எழுத்துப் பிரதியே தவறாக இருந்து அதை நம்பி நீங்கள் வரைந்திருந்தால், அந்தத் திருத்தத்துக்கு நாங்கள் பணம் தர வேண்டும். இதுவும் எழுத்தில் இருக்கிறது.

உரிமை (பிரிவு 4). இதைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். முதல் வரைவில் பதிப்புரிமை முழுவதும் எங்களுக்கு மாறும் என்று இருந்தது. அது பொதுவாக நாங்கள் எல்லோருக்கும் அனுப்பும் மாதிரியிலிருந்து அப்படியே வந்துவிட்ட வரி. நீங்கள் மறுத்தது நியாயம். இப்போது பதிப்புரிமை உங்களிடமே இருக்கிறது. அச்சு நூல், மின்னூல் இரண்டுக்கும் தமிழில் வெளியிட ஐந்து ஆண்டுகளுக்கு எங்களுக்கு அனுமதி தருகிறீர்கள். வேறு மொழிப் பதிப்பு, நாட்காட்டி, வாழ்த்து அட்டை, பொம்மை எதற்கும் இந்த அனுமதி போதாது. ஒவ்வொன்றுக்கும் தனியாக உங்களைக் கேட்க வேண்டும், தனியாகப் பணம் பேச வேண்டும். நூலை அறிமுகப்படுத்தும் விளம்பரத்தில் மட்டும் மூன்று படங்கள் வரை கட்டணமில்லாமல் பயன்படுத்துவோம். அசல் ஓவியங்கள் உங்கள் சொத்து. ஸ்கேன் முடிந்த 30 நாட்களுக்குள் எங்கள் செலவில் திருப்பி அனுப்புகிறோம். வழியில் சேதமானால் பொறுப்பு எங்களுடையது.

நீங்கள் கேட்டபடி வராதது இதுதான்: இந்த 25 ஓவியங்களை, நூல் வெளிவந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு வேறு எந்த நூலிலும் நீங்கள் பயன்படுத்தக் கூடாது (பிரிவு 4.6). ஓராண்டு போதும் என்றீர்கள். நானும் பேசிப் பார்த்தேன், நடக்கவில்லை. ஆனால் கண்காட்சியில் வைப்பதற்கும், அசலை விற்பதற்கும், உங்கள் இணையதளத்தில் போடுவதற்கும் தடையில்லை என்று தெளிவாக எழுத வைத்திருக்கிறேன். அதே பறவையைப் புதிதாக வரைவதற்கும் தடையில்லை. இதோடு ஒத்துப்போக முடியாது என்றால் கையெழுத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். பிறகு மனத்தாங்கல் வேண்டாம்.

பணம் (பிரிவு 5). தொகை நாம் பேசியதேதான். இந்த மின்னஞ்சலை நீங்கள் யாரிடமாவது காட்டி யோசனை கேட்கக்கூடும் என்பதால் இங்கே எழுதவில்லை. மூன்று தவணை: இருவரும் கையெழுத்திட்ட 15 நாட்களுக்குள் 30 சதவீதம், கோட்டு வரைவுகள் ஒப்புதலானதும் 30, முடித்த ஓவியங்கள் வந்து சேர்ந்ததும் 40. முதல் தவணைக்கு மட்டும் பில் வேண்டாம், ஒப்பந்தமே போதும். 3000 பிரதிகளுக்கு மேல் விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் அச்சிட்ட விலையில் 3 சதவீதம் ராயல்டி, ஆண்டுக்கு ஒருமுறை கணக்கு.

நடுவில் நின்றுபோனால் (பிரிவு 8). நாங்கள் கைவிட்டால், வரைவு நிலையில் முதல் 30 சதவீதம் உங்களுக்கே. வரைவு ஒப்புதலான பிறகு என்றால் 60. ஓவியங்கள் முடிந்த பிறகு என்றால் முழுத் தொகை. நீங்கள் விலகினால் 30 நாள் முன்னறிவிப்பு. அதுவரை ஒப்புதலாகாத வேலைக்கு வாங்கிய பணத்தைத் திருப்ப வேண்டும். உடல்நலக் காரணம் என்றால் முதலில் கெடுவை நீட்டிப் பார்ப்போம்.

சொந்த வேலை என்ற உறுதி (பிரிவு 6). பலரும் படிக்காமல் தாண்டிப் போகும் பிரிவு இது. பறவைப் புகைப்படத்தைப் பார்த்து வரைவது எல்லோரும் செய்வதுதான். ஆனால் ஒரே புகைப்படத்தின் கோணம், ஒளி, அமைப்பு எல்லாவற்றையும் அப்படியே ஓவியமாக்கினால் எடுத்தவரின் அனுமதி வேண்டியிருக்கும். அப்படி ஏதாவது இருந்தால் வரைவு நிலையிலேயே சொல்லுங்கள், அனுமதி வாங்கித் தருவது எங்கள் வேலை. சொல்லாமல் விட்டுப் பிரச்சினை வந்தால் பொறுப்பு உங்களுடையதாகிவிடும்.

பெயர் அட்டையிலும் உள்பக்கத்திலும் வரும். ஐந்து பிரதிகள் இலவசம். மற்றவை வழக்கமானவை.

சரி, கையெழுத்து எப்படிப் போடுவது?

1. சேவையிலிருந்து வரும் மின்னஞ்சலின் தலைப்பிலும் "பறவைக் கூடுகள்" என்று இருக்கும். இன்பாக்ஸில் இல்லையென்றால் ஸ்பேமில் பாருங்கள். அங்கும் இல்லையென்றால் எனக்குச் சொல்லுங்கள், மறுபடி அனுப்புகிறேன். அதை வேறு யாருக்கும் ஃபார்வேர்டு செய்யாதீர்கள். திறப்பவர் நீங்கள் என்றே பதிவாகும்.

2. `Review Document` பொத்தானை அழுத்துங்கள். 47-ல் முடியும் உங்கள் கைப்பேசி எண்ணுக்கு ஆறு இலக்க ஓடிபி வரும். அதைக் கொடுத்தால் ஆவணம் திறக்கும். கணக்குத் தொடங்கவோ, செயலி இறக்கவோ, பணம் கட்டவோ வேண்டாம். கைப்பேசியிலும் செய்யலாம், ஆனால் 13 பக்கத்தைப் படிக்கக் கணினியே வசதி.

3. மஞ்சள் கட்டம் மூன்று இடத்தில் இருக்கும்: 4-ஆம் பக்கத்தில் உரிமைப் பிரிவுக்குப் பக்கத்தில் சுருக்கொப்பம், 11-ஆம் பக்கத்திலும் 13-ஆம் பக்கத்திலும் முழுக் கையெழுத்து. தேதி தானாக விழும். கையெழுத்தை விரலால் வரையலாம், அல்லது பெயரைத் தட்டச்சு செய்யலாம். பெயர் மட்டும் வங்கிக் கணக்கில் உள்ளபடி முழுமையாக இருக்கட்டும்.

4. கடைசியில் `Finish` அழுத்த வேண்டும். பலர் கையெழுத்துப் போட்டதோடு ஜன்னலை மூடிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் எங்களுக்கு எதுவும் வராது. "முடிந்தது" என்ற மின்னஞ்சல் உங்களுக்கு வந்தால்தான் முடிந்தது.

திருத்தம் வேண்டுமென்றால் `Decline` அழுத்தாதீர்கள். அழுத்தினால் ஆவணமே ரத்தாகி, முதலிலிருந்து ஏற்ற வேண்டியிருக்கும். எனக்கு ஒரு வரி எழுதினால் போதும். அச்செடுத்துப் பேனாவால் போட்டுப் படம் பிடித்து அனுப்புவதும் வேண்டாம். பாதி இங்கே பாதி அங்கே என்று இரண்டு பிரதிகளாகிவிடும்.

நீங்கள் போட்டபின் இயக்குநர் போடுவார். இருவரும் போட்ட பிரதி, யார் எந்த நேரத்தில் திறந்தார், எப்போது கையெழுத்திட்டார் என்ற பதிவுத் தாளோடு உங்களுக்கு வரும். இரண்டையும் சேர்த்துச் சேமித்து வையுங்கள். அந்தக் கோப்பில் அதன்பின் ஒரு எழுத்தை மாற்றினாலும், கையெழுத்தைச் சரிபார்க்கும்போது அது காட்டிக்கொடுத்துவிடும்.

இது செல்லுமா என்று கேட்டிருந்தீர்கள். செல்லும். ஐ.நா.வின் பன்னாட்டு வணிகச் சட்ட ஆணையம் மின்கையெழுத்துக்கென்று மாதிரிச் சட்டமே 2001-இல் கொண்டுவந்தது. பல நாடுகளின் சட்டங்கள் மின்கையெழுத்தை ஏற்கின்றன. உயில் போன்ற சிலவற்றுக்குப் பல இடங்களில் விதிவிலக்கு உண்டு. நம்முடையது அந்த வகை இல்லை.

ஒரு எச்சரிக்கை: கையெழுத்துப் பக்கத்தில் வங்கிக் கடவுச்சொல், கார்டு எண் எதுவும் கேட்கப்படாது. கேட்டால் அது எங்களிடமிருந்து வந்ததல்ல, மூடிவிட்டு என்னை அழையுங்கள். ஓடிபியை என்னிடம்கூடச் சொல்ல வேண்டாம்.

சந்தேகம் எதுவானாலும் இந்த மின்னஞ்சலுக்கே பதில் போடுங்கள். வியாழன் மாலை 4 மணிக்கு மேல் போனிலும் இருப்பேன். சேர்ந்து பக்கம் பக்கமாகப் பார்க்கலாம், கூச்சப்படாதீர்கள். உங்களுக்குத் தெரிந்த வழக்கறிஞரிடம் காட்டினாலும் எங்களுக்கு ஒன்றுமில்லை.

அன்புடன்,
செல்வி
ஒப்பந்தங்கள் மற்றும் உரிமைகள் பிரிவு
மார்ச் 10, 2026

பி.கு.: மாதிரிக்கு நீங்கள் அனுப்பிய தூக்கணாங்குருவிக் கூட்டு ஓவியம் ஆசிரியருக்கு மிகவும் பிடித்துவிட்டது. அதை அட்டைக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார். ஒப்பந்தம் முடிந்த பிறகு பேசுவோம்.