விளக்கு வைக்கிற நேரம்
(குறும்படத் திரைக்கதை)

உள் – பாளையங்கோட்டையில் ஒரு பழைய வீடு, பூஜையறை – மாலை

புளி போட்டுத் தேய்த்த பித்தளைக் காமாட்சி விளக்கு. ஆச்சி (70) சம்மணமிட்டு அமர்ந்து, அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கிறாள். வாசலில் செருப்பை உதறிவிட்டு கயல் (8) ஓடி வருகிறாள்.

ஆச்சி: கால் கழுவுனியா?

கயல் திரும்பி ஓடுகிறாள். தண்ணீர்ச் சத்தம். ஈரக்காலோடு வந்து உட்காருகிறாள்.

ஆச்சி: பின்வாசலைச் சாத்திட்டியா? சரி, முடியைப் பின்னால தள்ளு. பாவாடையை ஒதுக்கிக்கோ. இன்னைக்கு நீதான் பொருத்தணும்.

கயல்: நானா? சுட்டுரும் ஆச்சி.

ஆச்சி பதில் சொல்லாமல் தீப்பெட்டியை எடுக்கிறாள். அவள் விரல்கள் நடுங்குகின்றன. குச்சி பெட்டியில் படாமல் நழுவுகிறது. கயல் அதையே பார்க்கிறாள்.

கயல்: கை ஏன் ஆடுது?

ஆச்சி: வயசாச்சுல்லா. அதான் உன்னையக் கூப்பிட்டேன்.

கயல் நெருங்கி உட்காருகிறாள்.

ஆச்சி: ரெண்டு திரியைச் சேத்து முறுக்கு. இறுக்கமா வேண்டாம், எண்ணெய் ஏறாது. ம்... நல்லெண்ணெய்ல முக்கி வை. நுனியையும் நனை. காஞ்ச பஞ்சுன்னா திரிதான் கருகும். நனைஞ்சிருந்தா எண்ணெய் எரியும், திரி நிக்கும்.

கயல் நுனியை நனைத்து நிமிர்த்துகிறாள். குச்சியை உரசுகிறாள். பற்றுகிறது, உடனே அணைகிறது.

ஆச்சி: (மேலே பார்த்து) ஃபேன் ஓடுதுட்டி!

கயல் எழுந்து ஃபேனை நிறுத்திவிட்டு வருகிறாள். மறுபடி குச்சி. இந்த இடத்தில் அவசரமே கூடாது. வசனம் முடியும்வரை காமிரா அந்தச் சின்ன விரல்களை விட்டு நகர வேண்டாம்.

ஆச்சி: உன்னைப் பாத்து உரசாதே, வெளிய பாத்து உரசு. ஆங். தலையைக் கீழ சாய்ச்சா தீ விரலுக்கு ஏறும். படுக்க வச்சுப் பிடி. பயப்படாதே, நான் இருக்கேன்.

ஆச்சியின் கை கயலின் மணிக்கட்டுக்கு அடியில், தொடாமல் காத்திருக்கிறது. திரி பிடிக்கிறது. கயல் குச்சியை உதறி அணைக்கிறாள். சுடர் உயர்ந்து கரும்புகை கக்குகிறது.

கயல்: ஐயோ, புகை!

ஆச்சி: திரி ரொம்ப நீண்டு கிடக்கு. இந்தக் குச்சியால உள்ள இழு. போதும், போதும்!

சுடர் சிறுத்து நிலைக்கிறது. ஆச்சி கைகூப்புகிறாள். கயலும் கைகூப்பி, ஒரு கண்ணைத் திறந்து விளக்கைப் பார்க்கிறாள்.

கயல்: தூங்கப் போறப்ப ஊதிரவா?

ஆச்சி: வாயால ஊதக் கூடாது. திரியை எண்ணெய்க்குள்ள இழுத்தா அதுவே குளிர்ந்துரும். அதையும் நீயே செய்.

வாசலில் அம்மா, வியர்த்த முகம், தோளில் பை. உள்ளே வந்ததும் கை சுவிட்சுக்குப் போகிறது.

கயல்: (பாய்ந்து எழுந்து) அம்மா, ஃபேன் போடாதீங்க! நான் பொருத்துன விளக்கு!