மீடியா மேசையும் மோஷன் மேசையும்: செய்முறைத் தேர்வுக்கு முன் ஒரு கேள்வித்தாள், விடைகளோடு

வியாழக்கிழமை காலை உங்களுக்குச் செய்முறைத் தேர்வு. பாளையங்கோட்டையில் என்னிடம் லேப் டெக்னீஷியன் படிக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். கேள்வியைப் படித்ததும் விடையை ஒரு தாளால் மூடிவிட்டு, நீங்களாக எழுதிப் பாருங்கள். மீடியா பெயர்களை மனப்பாடம் செய்து வருகிறவர்கள் இரண்டாவது கேள்வியிலேயே தடுமாறுவதை வருஷா வருஷம் பார்க்கிறேன். அதற்குள் என்ன போட்டிருக்கிறது, எதற்காகப் போட்டிருக்கிறது என்று தெரிந்தால் பெயர் தானாக வந்துவிடும்.

பகுதி அ: மீடியா

1. செலெக்டிவ், என்ரிச்மென்ட், டிஃபரன்ஷியல். மூன்றையும் ஒவ்வொரு வரியில் பிரித்துச் சொல்லுங்கள்.

செலெக்டிவ் மீடியா வேண்டாத கிருமியைத் தடுக்கும் திட ஊடகம். என்ரிச்மென்ட் மீடியா, குறைவாக இருக்கும் வேண்டிய கிருமியை மற்றதை முந்திப் பெருக வைக்கும் திரவ ஊடகம். டிஃபரன்ஷியல் மீடியா யாரையும் தடுக்க வேண்டியதில்லை. வளர்ந்தவற்றை நிறத்தாலோ தோற்றத்தாலோ பிரித்துக் காட்டினால் போதும்.

2. ஒரு மாணவி வைவாவில் சொன்னது: "பிளட் அகார் ஒரு என்ரிச்மென்ட் மீடியா, மேடம். ரத்தம் சேர்த்திருக்கோம்லா." எங்கே தவறு?

அவள் சொல்ல வந்தது என்ரிச்டு. இரண்டும் காதுக்கு ஒன்றுபோல விழுவதால் வரும் குழப்பம் இது. பிளட் அகாரில் ரத்தம் சேர்ப்பது சத்துக்காக. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போல வளரச் சிரமப்படும் கிருமியும் வளரட்டும் என்று சாப்பாட்டைக் கூட்டி வைக்கிறோம். யாரையும் வாசலில் நிறுத்துவதில்லை. சாக்லேட் அகாரும் அப்படித்தான். ரத்தத்தைச் சூடாக்கிச் சிவப்பணுக்களை உடைப்பதால் உள்ளே இருக்கும் எக்ஸ், வி காரணிகள் வெளியே வந்து ஹீமோபிலஸுக்குக் கிடைக்கின்றன.

என்ரிச்மென்ட் மீடியாவில் தடுக்கும் பொருளும் உண்டு. செலினைட் எஃப் பிராத்தில் சோடியம் செலினைட் ஈ. கோலையைச் சில மணி நேரம் அடக்கி வைக்கும். அந்த இடைவெளியில் சால்மோனெல்லா பெருகிவிடும். மலத்தில் கோடிக்கணக்கான குடல் கிருமிக்கு நடுவே சால்மோனெல்லா கொஞ்சமாகத்தான் இருக்கும் என்பதை நினைத்துக்கொண்டால் இந்தத் திரவம் எதற்கு என்று புரியும்.

பிளட் அகாரில் ஹீமோலிசிஸைப் பார்த்துப் பிரிக்கிறோமே என்று கேட்டால், ஆமாம், அது டிஃபரன்ஷியலும்தான். ஒரே பிளேட் இரண்டு வேலை பார்க்கலாம்.

3. மெக்கான்கி அகார் எந்த வகை? உள்ளே இருக்கும் பொருளைக் காட்டி நிறுவுக.

இரண்டு வகையும். பித்த உப்பும் கிரிஸ்டல் வயலெட்டும் கிராம் பாசிட்டிவைத் தடுக்கின்றன. அது செலெக்டிவ் பக்கம். லாக்டோஸும் நியூட்ரல் ரெட்டும் டிஃபரன்ஷியல் பக்கம். லாக்டோஸைப் புளிக்க வைக்கும் கிருமி அமிலம் விடும், காலனி இளஞ்சிவப்பாகும். ஈ. கோலை தட்டையான இளஞ்சிவப்பு. கிளெப்சியெல்லா அதே நிறத்தில் கொழகொழவென்று, லூப்பை வைத்து இழுத்தால் நூலாக வரும். சால்மோனெல்லா, ஷிகெல்லா வெளிறிய காலனி. ஷிகெல்லா சொன்னை மட்டும் தாமதமாக லாக்டோஸைத் தொடும். அதனால் முதல் நாள் வெளிறியும், இரண்டு மூன்று நாள் கழித்து இளஞ்சிவப்பாகவும் தெரியலாம். இதை எழுதினால் தேர்வாளர் நிமிர்ந்து பார்ப்பார்.

4. எக்ஸ்எல்டி பிளேட்டில் சால்மோனெல்லா சைலோஸைப் புளிக்க வைக்கும். அப்படியானால் காலனி மஞ்சளாக வேண்டாமா? ஏன் சிவப்பு?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. சைலோஸ் தீர்ந்ததும் சால்மோனெல்லா லைசினைச் சிதைக்கத் தொடங்கும். அதில் வரும் காரம் அமிலத்தைச் சரிக்கட்டி, ஃபீனால் ரெட்டை மறுபடி சிவப்பாக்கிவிடும். கூடவே ஹைட்ரஜன் சல்ஃபைடு வருவதால் நடுவில் கறுப்புப் பொட்டு. ஷிகெல்லா சைலோஸைத் தொடுவதே இல்லை, அதனால் சிவப்பு, பொட்டு கிடையாது. ஈ. கோலை லாக்டோஸ், சுக்ரோஸையும் சேர்த்துப் புளிக்க வைப்பதால் அமிலம் மிஞ்சி மஞ்சளாகவே நிற்கும்.

5. அம்பாசமுத்திரம் பக்கத்தில் இருந்து 42 வயது விவசாயத் தொழிலாளி. நேற்றிரவு தொடங்கி இருபது தடவைக்கு மேல் தண்ணீராகப் போகிறது. வயிற்றுவலி இல்லை, காய்ச்சல் இல்லை. மலம் அரிசி களைந்த கழனித் தண்ணீர் போல, வெள்ளைத் துணுக்குகளோடு. எதில் போடுவீர்கள்? வரிசையாக எழுதுக.

முதலில் காலராவை நினைக்க வேண்டும். ஹேங்கிங் டிராப்பில் அம்பு பாய்வது போன்ற ஓட்டம் தெரிகிறதா என்று பாருங்கள். அது தெரிந்தாலும் சந்தேகம்தான், முடிவு ஆகாது. அப்புறம் ஆல்கலைன் பெப்டோன் வாட்டர், பிஎச் 8.6. விப்ரியோ காரத்தைத் தாங்கும், மற்றவை திணறும். 37 டிகிரியில் 6 முதல் 8 மணி நேரம். குழாயைக் குலுக்கக் கூடாது. விப்ரியோ காற்றைத் தேடி மேலே வரும், மேற்பரப்பில் இருந்து ஒரு லூப் எடுங்கள். அதை டிசிபிஎஸ்ஸில் தேயுங்கள். சுக்ரோஸைப் புளிக்க வைப்பதால் விப்ரியோ காலரே மஞ்சள் காலனி, விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் பச்சை.

ஆக்சிடேஸ் டெஸ்ட்டை டிசிபிஎஸ் காலனியில் நேராகச் செய்யாதீர்கள். அந்த அமிலச் சூழலில் பாசிட்டிவ் கிருமியும் நெகட்டிவ் காட்டலாம். நியூட்ரியன்ட் அகாருக்கு மாற்றி, அதிலிருந்து செய்யுங்கள். சாம்பிள் லேப்புக்கு வரத் தாமதமாகும் என்றால் கேரி-பிளேர். அது டிரான்ஸ்போர்ட் மீடியா. அதை என்ரிச்மென்ட் என்று எழுதினால் முழு மதிப்பெண்ணும் போகும்.

6. ஒரு சொல்லில்: (அ) செலினைட் எஃப்பை ஆட்டோகிளேவ் செய்யலாமா? (ஆ) டிசிபிஎஸ்ஸை? (இ) மேனிட்டால் சால்ட் அகாரில் உப்பு எவ்வளவு? (ஈ) எல்ஜே மீடியாவில் பச்சை நிறம் தருவது?

கூடாது. கூடாது. 7.5 சதவீதம். மாலகைட் கிரீன்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல ஆசை. இத்தனை பிளேட்டையும் உறைய வைக்கும் அகார் கடல்பாசியில் இருந்து வருவது. நம்ம மன்னார் வளைகுடாவில் பெண்கள் முங்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியில் இருந்தும் அகார் எடுக்கிறார்கள். கோக்கின் ஆய்வகத்துக்கு 1881-82 வாக்கில் இந்த யோசனையைக் கொடுத்தவர் ஃபேனி ஹெஸ்ஸே. சமையலில் அகாரைப் பழகியவர் அவர். அதுவரை பயன்பட்ட ஜெலட்டின், 37 டிகிரியில் உருகி ஓடிவிடும்.

பகுதி ஆ: மோஷன்

7. சாம்பிளில் கண்ணால் பார்த்து எழுத வேண்டியவை?

நிறம், கெட்டியா இளகலா, ரத்தம், சளி, புழு. நிறத்தில் அவசரப்படாதீர்கள். தார் போலக் கறுத்து ஒட்டிக்கொண்டு வந்தால் மேல் குடலில் ரத்தக்கசிவு இருக்கலாம். ஆனால் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடும் கர்ப்பிணிக்கும் மலம் கறுப்பாகப் போகும். களிமண் நிறம் என்றால் பித்தநீர் அடைப்பு. மாத்திரை என்ன சாப்பிடுகிறார் என்று கூட வந்த ஆளிடம் ஒரு வார்த்தை கேட்பது நம் வேலைதான்.

8. ஒரே ஸ்லைடில் சலைன், அயோடின் என்று இரண்டு சொட்டு ஏன்?

சலைனில் அமீபா உயிரோடு நகரும், அயோடினில் செத்துப்போகும். சிஸ்டின் நியூக்ளியஸை எண்ண அயோடின் வேண்டும். அதனால் ஓட்டம் ஒரு பக்கம், எண்ணிக்கை இன்னொரு பக்கம். கவர் ஸ்லிப்புக்குக் கீழே செய்தித்தாள் எழுத்து படிக்கும்படி மெலிசாக இருக்க வேண்டும். அயோடினில் நீலக்கறுப்பாகத் தெரிவது செரிக்காத மாவு. அதை முட்டை என்று எழுதி வைக்காதீர்கள்.

9. தென்காசியில் இருந்து இருவர், இருவருக்கும் ரத்தமும் சளியும். முதல் ஸ்லைடில் மைக்ராஸ்கோப் ஃபீல்டு முழுக்கச் சீழ் செல், சிவப்பணுக்கள் தனித்தனியாக. இரண்டாவதில் சீழ் செல் குறைவு, சிவப்பணுக்கள் கொத்தாக, ஊசி முனை போன்ற சார்க்கோ-லெய்டன் படிகங்கள். என்ன சொல்வீர்கள்?

முதலாவது பாசில்லரி டிசென்ட்ரி போல இருக்கிறது. கல்ச்சருக்கு அனுப்ப வேண்டும், ஷிகெல்லாவைத் தேட வேண்டும். இரண்டாவது அமீபிக் பக்கம் சாய்கிறது. சூடு ஆறுவதற்குள் சலைனில் டிரோஃபோசாய்ட்டைத் தேடுங்கள். ஒரே திசையில் நகர்ந்து, உள்ளே சிவப்பணுவை விழுங்கி வைத்திருந்தால் ஹிஸ்டோலிட்டிகா என்று எழுதலாம். சிவப்பணு இல்லாமல் நான்கு நியூக்ளியஸ் சிஸ்ட் மட்டும் தெரிந்தால் 'என்டமீபா ஹிஸ்டோலிட்டிகா / டிஸ்பார்' என்றே எழுதுங்கள், உருவத்தை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. எட்டு நியூக்ளியஸ் இருந்தால் என்டமீபா கோலை, அது நோய் தராது. மேக்ரோஃபேஜும் சில நேரம் சிவப்பணுவை விழுங்கியிருக்கும், அமீபா மாதிரியே உட்கார்ந்திருக்கும். அது அப்படி ஓடாது; நியூக்ளியஸும் பெரிதாக இருக்கும்.

10. களக்காட்டில் இருந்து ஏழு வயதுப் பையன். ராத்திரி ஆசனவாய் அரிப்பு, தூக்கம் இல்லை. மூன்று நாள் மோஷன் பார்த்தும் ஒன்றும் இல்லை. அடுத்து?

கீரிப்பூச்சி. மலத்தில் முட்டை பெரும்பாலும் வராது, ராத்திரி வெளியே வந்து தோலில் இடும். காலையில் குளிக்க வைப்பதற்கும் கழுவி விடுவதற்கும் முன்னால் செலோடேப்பை ஒட்டி எடுத்து ஸ்லைடில் வையுங்கள். ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் குவிந்த, நிறமற்ற முட்டை. இதை அம்மாவிடம் பொறுமையாகச் சொல்லிக் கொடுங்கள், அவர்தான் எடுக்க வேண்டும்.

11. பாபநாசம் பக்கம் வாழைத்தோட்டத்தில் வெறுங்காலோடு வேலை பார்க்கும் 35 வயதுப் பெண். ஹீமோகுளோபின் 6.8. சலைனில் நீள்வட்ட, நிறமற்ற முட்டைகள். மெல்லிய ஓடு, உள்ளே நான்கு முதல் எட்டு செல், ஓட்டுக்கும் செல்லுக்கும் நடுவே தெளிந்த இடைவெளி. அதே சாம்பிள் மறுநாள் மாலை திரும்பப் பார்த்தபோது அசையும் லார்வா. ரிப்போர்ட் எழுதுக.

முட்டை கொக்கிப்புழுவுடையது. உருளைப்புழு முட்டையாக இருந்தால் பித்தம் ஏறிப் பழுப்பாக, மேலே கரடுமுரடாக இருக்கும். சாட்டைப்புழு முட்டையானால் பீப்பாய் போல இரண்டு முனையிலும் அடைப்பான் இருக்கும். லார்வாதான் கண்ணி. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு லேப்பில் பழைய சாம்பிளைப் பார்த்து ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்று எழுதிவிட்டேன். சாம்பிள் முந்தின நாள் எடுத்தது என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கொக்கிப்புழு முட்டை வெளியே கிடந்தால் ஓரிரு நாளில் பொரிந்துவிடும். வாய்க்குழியைப் பாருங்கள்: நீளமாக இருந்தால் கொக்கிப்புழு, குட்டையாக இருந்தால் ஸ்ட்ராங்கிலாய்டஸ். அந்த நோயாளியின் முகம் இன்றும் எனக்கு நினைவிருக்கிறது.

ஆன்கைலோஸ்டோமாவா நெக்கேட்டரா என்று முட்டையை வைத்துச் சொல்ல முடியாது. அதனால் ரிப்போர்ட் இவ்வளவுதான்:

"நிறம்: பழுப்பு. தன்மை: இளகியது. ரத்தம், சளி: கண்ணுக்குத் தெரியவில்லை. சலைன் மவுன்ட்: கொக்கிப்புழு முட்டைகள் காணப்பட்டன. அயோடின் மவுன்ட்: புரோட்டோசோவா சிஸ்ட் இல்லை. மறுநாள் அதே சாம்பிளில் காணப்பட்ட லார்வா நீண்ட வாய்க்குழியுடன், கொக்கிப்புழு முட்டையில் இருந்து பொரிந்தது."

கீழே சாம்பிள் எடுத்த நேரத்தையும், நீங்கள் பார்த்த நேரத்தையும் தனித்தனியாக எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.