கால் ஷீட்: ‘அக்கரைக்கு ஒரு ஆள்’, ஒரு நாள் படப்பிடிப்பு

படப்பிடிப்பு நாள்: ஜூன் 14, 2026, ஞாயிறு
யூனிட் கால்: காலை 4:30, ஸ்பாட்டில்
பேக்கப்: மாலை 4:30
சூரிய உதயம்: 5:52 மறைவு: 6:34
இடம் 1: ஏரிப் படகுத்துறை (கிழக்கு பார்த்தது)
இடம் 2: துறைக்குப் பின்னால் உள்ள பழைய கிட்டங்கி, 150 மீட்டர் நடை
மொத்தப் பக்கங்கள்: 4 5/8
தாள் வெளியானது: சனிக்கிழமை மாலை 6 மணி. இதற்கு முந்தைய தாள் கையில் இருந்தால் கிழித்துவிடுங்கள், அதில் யூனிட் கால் 5 மணி என்று இருக்கும்.

முதலில் வானிலை

வழக்கமாக இது கடைசிப் பக்கத்தில் வரும். நாளைக்கு எல்லாமே இதைப் பொறுத்துத்தான் என்பதால் மேலே கொண்டுவந்துவிட்டேன். விடியற்காலை ஓரளவு தெளிவாக இருக்கும், பிற்பகலில் இடியுடன் மழை வரலாம் என்பதுதான் இப்போதைய முன்னறிவிப்பு. அதனால் வெளிப்புறக் காட்சிகள் எல்லாவற்றையும் மதியத்துக்கு முன்பே வைத்திருக்கிறேன்.

முடிவெடுக்கும் நேரங்கள் மூன்று: சனி இரவு 9 மணி, ஞாயிறு அதிகாலை 2:45, ஸ்பாட்டில் காலை 7:00. முடிவெடுப்பது நான் ஒருவன்தான், டைரக்டரிடமும் கேமராமேனிடமும் பேசிவிட்டு. அதிகாலை 3 மணிக்கு யூனிட் குழுவில் ஒரே ஒரு எழுத்து வரும், ‘அ’ அல்லது ‘ஆ’. அதுவரை யாரும் ஜன்னலைத் திறந்து வானத்தைப் பார்த்துவிட்டு “ஷூட்டிங் உண்டா?” என்று கேட்க வேண்டாம். உங்கள் தெருவில் பெய்யும் மழை ஏரியில் பெய்யாமல் இருக்கலாம்.

திட்டம் அ (வானம் தெளிவு, அல்லது மேகமூட்டம் மட்டும்): கீழே உள்ள அட்டவணைப்படி. மேகமூட்டம் நமக்குக் கெடுதல் இல்லை. காட்சி 9-க்கு அந்த மென்மையான வெளிச்சம் வெயிலைவிட நன்றாகவே இருக்கும். ஆனால் பாதி வெயிலிலும் பாதி மேகத்திலும் எடுத்தால் எடிட்டில் ஒட்டாது. 7 மணிக்கு வானத்தைப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுப்போம். மேகம் என்று முடிவானபின் இடையில் வெயில் அடித்தால் ஸ்கிம்மர் போட்டுக் குளோஸப்களை எடுப்போம், வைடு ஷாட் காத்திருக்கும்.

திட்டம் ஆ (விடியலில் மழை): யூனிட் கால் காலை 7:00-க்குத் தள்ளிப்போகும், பேக்கப் மாலை 6:45. 3 மணிக்கு ‘ஆ’ வந்தால் திரும்பப் படுத்துத் தூங்குங்கள். வேன்களும் லாரியும் ஜெனரேட்டரும் இரண்டரை மணி நேரம் தள்ளிக் கிளம்பும். 8 மணிக்குக் கிட்டங்கியில் காட்சி 11, 14. மழை விட்டதும் 9, 10. காட்சி 7-இன் விடியலை மறுகரையில் மேற்கு பார்த்து, மாலை 5:45 முதல் 6:30-க்குள் அஸ்தமன வெளிச்சத்தில் எடுப்போம். திரையில் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. ஒன்றுதான் பயம்: காலையில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், மாலைக் காற்றில் சிற்றலை அடிக்கும். அதனால் இது இரண்டாம் தேர்வுதான்.

இடி (எந்தத் திட்டத்திலும்): மின்னலுக்கும் இடிச் சத்தத்துக்கும் இடையே 30 நொடிக்குக் குறைவாக இருந்தால், மின்னல் சுமார் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று அர்த்தம். நான் ‘கரை’ என்று வாக்கியில் சொன்னதும் டேக் நடுவில் இருந்தாலும் படகு திரும்பும், பூம் கீழே, ஸ்டாண்டுகள் கீழே, ஜெனரேட்டர் அணையும். எல்லாரும் கிட்டங்கிக்குள்ளோ மூடிய வண்டிக்குள்ளோ போக வேண்டும். மரத்தடியும் படகுத்துறைக் கொட்டகையும் கூடாது. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆனபிறகுதான் வெளியே வரலாம். “ஒரு டேக் மட்டும்” என்று யார் கேட்டாலும், டைரக்டரே கேட்டாலும், பதில் இல்லைதான். இதை அவரிடமே சொல்லி ஒப்புக்கொள்ள வைத்திருக்கிறேன்.

நாளே கெட்டால்: ஜூன் 16 செவ்வாய், காலை 4:30 முதல் 9:30 வரை, காட்சி 7-உம் 9-உம் மட்டும். படகும் நடிகர்களும் பேசி வைத்தாயிற்று. கிட்டங்கி அன்று கிடைக்காது, எனவே 11-உம் 14-உம் என்ன மழையானாலும் நாளை முடிந்தாக வேண்டும்.

அட்டவணை (திட்டம் அ)

4:30 யூனிட் வருகை, டீ
4:40 படகோட்டி மேக்கப், கிட்டங்கியில். கேமரா துறையில் தயாராகும்
5:20 எல்லாம் ரெடி
5:30 – 6:25 காட்சி 7, வெளி, விடியல், 6/8 பக்கம். படகோட்டி தனியாகப் படகைத் தள்ளுகிறார். முதலில் வைடு, பிறகு கைகள், கடைசியில் முகம். இந்த வெளிச்சம் காத்திருக்காது, ஒரு கோணத்துக்கு மூன்று டேக்குக்கு மேல் கிடையாது
6:30 காலை டிபன்
7:00 வானிலை முடிவு
7:15 – 10:30 காட்சி 9, வெளி, பகல், 1 4/8. படகில் மூவரும்
10:45 – 11:45 காட்சி 10, வெளி, பகல், 2/8. கரையில் பெட்டி மட்டும்
12:00 மதியச் சாப்பாடு
12:45 – 2:45 காட்சி 11, உள், பகல், 1 2/8
2:50 – 4:10 காட்சி 14, உள், இரவு, 7/8. ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூட வேண்டும். ஆர்ட் டீம் சாப்பாட்டு நேரத்திலேயே பாதியைக் கட்டிவிட்டால் நல்லது
4:10 ரூம் டோன் 30 நொடி. அந்த 30 நொடி யாரும் கேபிள் சுருட்ட வேண்டாம்
4:30 பேக்கப்

நடிகர்கள்

படகோட்டி: வீட்டில் பிக்கப் 3:40, ஸ்பாட் 4:40. காட்சிகள் 7, 9, 11, 14.
சுமதி பாத்திரம்: பிக்கப் 5:15, ஸ்பாட் 6:15. காட்சிகள் 9, 11, 14.
சிறுமி (வயது 10): பிக்கப் 5:45, ஸ்பாட் 6:45. காட்சி 9 மட்டும். அம்மா கூடவே இருப்பார். திட்டம் அ-வில் 12:30-க்கு மேல் பாப்பா ஸ்பாட்டில் இருக்கக் கூடாது. திட்டம் ஆ என்றால் அவளுக்கு வருகை 9:00, கிளம்புவது 2:30. மழை விடாமல் அந்த நேரம் தாண்டினால் காட்சி 9 செவ்வாய்க்குப் போகும்.

தண்ணீரில்

படகில் ஒரு நேரத்தில் ஐந்து பேர்தான்: மூன்று நடிகர்கள், கேமரா ஆபரேட்டர், போக்கஸ் புல்லர். டைரக்டர் கரையில் மானிட்டரில் இருப்பார். நடிகர்களுக்கு உடைக்குள் மெல்லிய லைஃப் ஜாக்கெட், மீனா அக்கா உடையை அதற்கேற்றபடி ஒரு சுற்று பெரிதாகத் தைத்திருக்கிறார். மற்ற இருவரும் ஜாக்கெட்டை வெளியிலேயே போடலாம். இரண்டு உயிர்காப்பு நீச்சல்காரர்கள் தனிப் படகில் ஃபிரேமுக்கு வெளியே கூடவே வருவார்கள். அவர்கள் தலையசைக்காமல் படகு கிளம்பாது.

டிபார்ட்மென்டுகளுக்கு

கேமரா: ஏசி வண்டியிலிருந்து இறக்கிய லென்ஸை உடனே திறந்தால் ஆவி படியும். பெட்டிகளை 4:30-க்கே இறக்கி மூடியபடி அரை மணி வைக்கவும். ரெயின் கவர் இரண்டு, போலரைசர், என்டி செட். லைட்: தண்ணீர் ஓரத்தில் பேட்டரி விளக்குகள் மட்டும். ஜெனரேட்டர் கேபிள் கிட்டங்கியைத் தாண்டாது, இணைப்புகள் தரையிலிருந்து உயர்த்தி மூடியிருக்க வேண்டும். சவுண்ட்: துடுப்புச் சத்தம் தனியாக ஐந்து நிமிடம் வேண்டும், காட்சி 10 எடுக்கும்போது முடித்துக்கொள்ளுங்கள். ஆர்ட்: பெட்டி இரண்டு, ஒன்று நனைய. கன்டின்யுட்டி: காட்சி 11-இல் படகோட்டியின் வலது கை மட்டும் ஈரம். டேட்டா: சாப்பாட்டு நேரத்தில் முதல் காப்பி. மூன்று பிரதி சரிபார்க்காமல் எந்தக் கார்டையும் அழிக்க வேண்டாம்.

சாப்பாடு

4:30 டீ, பிஸ்கட். 6:30 டிபன், கிட்டங்கி வாசலில். 12:00 மதியச் சாப்பாடு, 45 நிமிடம், எல்லாருக்கும் ஒரே நேரம். டிபன் முடிந்து ஐந்து மணி நேரத்துக்குள் சாப்பாடு வந்தாக வேண்டும், காட்சி இழுத்தாலும் 12:00 நகராது. 2:45 டீ, நின்றபடியே. திட்டம் ஆ-வில் டிபன் 7:00, சாப்பாடு 12:00, டீ 4:00, இரவுப் பொட்டலம் 6:45. மொத்தம் 36 பேருக்கு: யூனிட் 24, நடிகர்களும் அம்மாவும் 4, டிரைவர்கள் 6, நீச்சல்காரர்கள் 2. இதில் சைவம் 11. சிறுமிக்கு வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது, அன்று சமையலில் வேர்க்கடலையோ கடலை எண்ணெயோ இருக்கக் கூடாது. குடிக்க 20 லிட்டர் கேன் எட்டு. பாட்டில் நீங்களே கொண்டுவாருங்கள்.

வண்டிகள்

வேன் 1 (14 இருக்கை): ஆபீஸ் வாசல் 3:45. டைரக்‌ஷன், கேமரா, சவுண்ட், காஸ்ட்யூம், மேக்கப், மொத்தம் 13 பேர்.
வேன் 2 (12 இருக்கை): ஆபீஸ் வாசல் 3:45. லைட், ஆர்ட், புரொடக்‌ஷன், 10 பேர்.
சாமான் லாரியும் ஜெனரேட்டரும் 3:15. புரொடக்‌ஷன் உதவியாளர் பாபு தன் பைக்கில் முன்னால் போவார்.
கார் 1: படகோட்டி, பிறகு சுமதி. கார் 2: சிறுமியும் அம்மாவும், 12:30-க்குத் திருப்பி விடுவதும் இதே கார்.

வேன் 3:50-க்கு மேல் யாருக்காகவும் நிற்காது. சொந்த வண்டியில் வருபவர்கள் கிட்டங்கியின் பின்புறம் நிறுத்தவும். கடைசி 400 மீட்டர் மண் பாதை. இரவில் மழை பெய்திருந்தால் லாரி மெயின் ரோட்டிலேயே நிற்கும், சாமான் கார் 1-இல் நடை நடையாக வரும், அதற்கு 25 நிமிடம் கூடுதல்.

டிரைவர்கள் 3 மணிக்கு எழுந்து வருகிறார்கள், மாலையிலும் அவர்களே ஓட்ட வேண்டும். கிட்டங்கியின் பின் அறையில் பாய் போட்டிருக்கிறது, 7 முதல் 3 வரை அவர்கள் தூங்கட்டும். டேப் வாங்க, பேட்டரி வாங்க என்று யாரும் எழுப்ப வேண்டாம். அதற்குப் பாபுவின் பைக் இருக்கிறது. கார் 2 டிரைவர் மட்டும் 12:30 பயணம் முடித்துத் தூங்குவார். திரும்பும் வேன்கள் 5:15.

தொடர்பு

கைப்பேசி எண்கள் இந்தத் தாளில் இல்லை. முன்பு ஒரு படத்தில் தாள் வெளியே போய், நடிகைக்கு ஒரு வாரம் தெரியாத அழைப்புகளாக வந்தன. எண்கள் எல்லாம் யூனிட் குழுவில் பின் செய்திருக்கிறேன், இன்றிரவே சேமித்துக்கொள்ளுங்கள். ஏரிக்கரையில் சிக்னல் ஒரு கோடுதான், டேட்டா வராது. ஸ்பாட்டில் வாக்கிதான்.

சேனல் 1, எல்லாரும்: நான் (அசோசியேட், செழியன்)
சேனல் 2, கேமரா, லைட்: லைட் சீஃப் சேகர் அண்ணன்
சேனல் 3, வண்டி, சாப்பாடு: புரொடக்‌ஷன் மேனேஜர் கதிர் சார்
சேனல் 4, காஸ்ட்யூம், மேக்கப், நடிகர்கள்: மீனா அக்கா
சேனல் 5, நீச்சல்காரர்கள். இதில் வேறு யாரும் பேசக் கூடாது

தாமதமானால் கதிர் சாரை அழையுங்கள், என்னை அல்ல. உடம்பு சரியில்லை என்றால் என்னை நேரடியாக, எந்த நேரமானாலும்.

அவசரம்: கைப்பேசியில் 112. பக்கத்து மருத்துவமனை 7 கிலோமீட்டர், 15 நிமிடம், வழி அச்சிட்டு எல்லா வண்டியின் முன்கண்ணாடியிலும் ஒட்டியிருக்கிறது. சுமதியை இறக்கியபின் கார் 1 சாவியோடு துறையிலேயே நிற்கும், வெளியே அனுப்பப்பட மாட்டாது. மண் பாதை நனைந்து சாமான் ஏற்றும் நேரத்தில் மட்டும் அந்த வேலை கார் 2-க்கு. முதலுதவிப் பெட்டி மீனா அக்காவிடம்.

தாளைப் பார்த்ததும் குழுவில் ‘பார்த்தேன்’ என்று போடுங்கள். இரவு 8-க்குள் போடாதவர்களை நானே அழைப்பேன்.

செழியன்
அசோசியேட் டைரக்டர்