கரை நீதானே எனக்கு

காசிமேட்டில் விடியும் முன்னே ஏலக் குரல் எழும்பும்,
ஊரே மீனுக்கு விலை பேச, உன் ஒரு பார்வைக்காக அசையாமல் நிற்கும் படகு நான்,
மனசின் பாரத்தை வேறெங்கே இறக்குவேன்,
கரை நீதானே எனக்கு.

ஏப்ரல் 15 முதல் 61 நாள் கடலுக்குத் தடை, சரி,
உன் கோபத்துக்கு முடியும் தேதியை யாரும் சொல்லவில்லையே கண்ணே,
வலையைப் பிரித்துப் போட்டு அறுந்த கண்ணிகளை ஒவ்வொன்றாய்ப் பின்னியபடி, நீ கூப்பிடும் வரை இங்கேயே கிடப்பேன்,
கரை நீதானே எனக்கு.

வாடை வடக்கிலிருந்து தள்ளட்டும்,
கொண்டல் வந்து என்னை உன் பக்கமே திருப்பும்,
அப்புறம் என்ன, இன்ஜினை நிறுத்திவிட்டேன், கயிற்றை வீசிவிட்டேன்,
பிடி, இழு, இறுக்கிக் கட்டு,
கரை நீதானே எனக்கு.